முட்டை ஓடு, டீ சக்கை, கழுநீர்: செடிக்கு எது போய்ச் சேருகிறது?

சமையலறையில் மிஞ்சும் மூன்று பொருள்கள் மாடித்தோட்டத் தொட்டிகளுக்கு நேராகப் போய்ச் சேருகின்றன. நொறுக்கிய முட்டை ஓடு, டீ வடித்த சக்கை, அரிசி கழுவிய தண்ணீர். ஓட்டில் கால்சியம் இருக்கிறது, டீத்தூளில் தழைச்சத்து இருக்கிறது, கழுநீரில் வைட்டமின் இருக்கிறது என்று காரணமும் சொல்வார்கள். மூன்றும் உண்மைதான். ஆனால் ஒரு பொருளில் சத்து இருப்பது வேறு. அந்தச் சத்து வேர் உறிஞ்சும் வடிவத்தில், செடிக்கு வேண்டிய நேரத்தில், வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேருவது வேறு. செடிக்கு வாய் கிடையாது. மண்ணில் உள்ள ஈரத்தில் எது கரைந்து வருகிறதோ அதைத்தான் வேர் எடுத்துக்கொள்ளும். வீட்டு வைத்தியம்போல நாம் செடிக்குச் செய்யும் பல காரியங்கள் இந்த ஒரு இடத்தில்தான் தேறுகின்றன அல்லது தவறுகின்றன.

முட்டை ஓட்டில் நம்பிக்கை வைப்பவர்கள் பெரும்பாலும் தக்காளி வளர்ப்பவர்கள். காய் எலுமிச்சை அளவுக்கு வந்த பிறகு, பூ ஒட்டியிருந்த அடிப்பக்கத்தில் தண்ணீர் ஊறியதுபோல ஒரு வட்டம் தெரியும். சில நாளில் அது பழுப்பாகி, பிறகு தோல்போலக் கறுத்து உள்வாங்கிவிடும். காம்புப் பக்கம் பச்சையாக, நன்றாகவே இருக்கும். பூச்சி கடித்த ஓட்டை எதுவும் இருக்காது. அழுகிய இடத்தில் பிற்பாடு பூசணம் வரலாம், ஆனால் தொடக்கம் பூசணத்தால் வந்ததில்லை. வளரும் காயின் அந்த நுனிக்குக் கால்சியம் போதாததால் செல்களின் சுவரும் சவ்வும் உறுதியாக அமையாமல் உடைந்துபோகின்றன. இதைப் படித்தவர்கள், கால்சியம்தானே குறை, முட்டை ஓட்டைப் போடு என்கிறார்கள். முதல் பாதி சரி. இரண்டாம் பாதியைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு கோழிமுட்டையின் ஓடு 5 முதல் 6 கிராம் இருக்கும். அதில் ஏறக்குறைய 95 சதவீதம் கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக் கல்லும் கிளிஞ்சலும் எந்தப் பொருளோ அதே பொருள். அதில் கால்சியம் மட்டும் ஐந்தில் இரண்டு பங்கு. ஆக, ஓர் ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம். சிறிய அளவில்லை. ஆனால் இந்தப் பொருள் தண்ணீரில் கரைவதே அபூர்வம். சுத்தமான ஒரு லிட்டர் தண்ணீரில் 14 மில்லிகிராம் அளவுக்குத்தான் கரையும். காற்றிலுள்ள கரியமில வாயு கலந்த தண்ணீரானால் 50 மில்லிகிராமைத் தொடும், அதில் கால்சியம் 20 மில்லிகிராம். முட்டை ஓட்டை இரண்டு நாள் ஊறவைத்து அந்தத் தண்ணீரை ஊற்றுகிறார்களே, அதில் இருப்பது அதிகபட்சம் இவ்வளவுதான். ஊறவைத்தது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீராக இருந்தால் இதுகூடச் சேராது. அந்தத் தண்ணீர் ஏற்கெனவே நிலத்தடிப் பாறையிலிருந்து சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு நிறைந்துபோய் வந்திருக்கிறது. மேலும் கரைக்க அதற்கு இடமில்லை.

அந்தத் தண்ணீரையே கொஞ்சம் கவனிக்கலாம். குடிநீரில் கால்சியம் லிட்டருக்கு 75 மில்லிகிராம்வரை இருப்பது ஏற்கத்தக்கது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 200 வரைக்கும் அனுமதிக்கிறது. கீழ் அளவையே எடுத்துக்கொள்வோம். தக்காளி வைத்த ஒரு பைக்கு நாளொன்றுக்கு ஒரு லிட்டர் ஊற்றினால் 28 நாளில் அந்தப் பைக்கு 2.1 கிராம் கால்சியம் போய்விடுகிறது. அதாவது ஒரு முழு முட்டை ஓடு கடைசித் துகள்வரை கரைந்து போனதற்குச் சமம். அதுவும் வேர் உடனே எடுத்துக்கொள்ளும் வடிவத்தில். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படலம் படிகிறதா, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் மாவுபோல் ஒட்டுகிறதா என்று பாருங்கள். படிந்தால் உங்கள் தண்ணீர் அப்படிப்பட்டதுதான். மாதம் ஒரு முட்டை ஓட்டை உங்கள் குழாயே கரைத்துத் தந்துகொண்டிருக்கிறது.

அப்படியானால் காய்க்கு மட்டும் ஏன் பஞ்சம்? கால்சியம் செடிக்குள் பயணம் செய்யும் விதத்தில்தான் விடை இருக்கிறது. வேரிலிருந்து மேலே ஏறும் தண்ணீரோடு சேர்ந்துதான் அது போகும். அந்தத் தண்ணீரை மேலே இழுப்பது இலைகள். வெயிலில் இலைத்துளைகள் வழியாக ஆவி வெளியேற, கீழிருந்து தண்ணீர் ஏறும். தக்காளிக் காயின் தோலில் அந்தத் துளைகள் இல்லாததால் காய் அவ்வளவாகத் தண்ணீரை இழுப்பதில்லை. அதற்கு வேண்டிய சர்க்கரையும் பெரும்பங்கு தண்ணீரும் இலையிலிருந்து இறங்கும் இன்னொரு குழாய் வழியாக வந்துவிடுகின்றன, அந்தக் குழாயில் கால்சியம் மிகக் குறைவு. இலைக்குப் போய்ச் சேர்ந்த கால்சியம் திரும்பிக் காய்க்கு வருவதும் இல்லை. காயிலும் காம்பிலிருந்து மிகத் தள்ளி இருப்பது அடிப்பக்கம். எனவே பற்றாக்குறை வந்தால் முதலில் கறுப்பது அதுதான்.

மே மாதத்தில் சென்னை மொட்டைமாடியில் 12 அங்குலக் கறுப்புப் பை ஒன்றில் இருக்கும் தக்காளியை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். மதியம் இரண்டு மணிக்குப் பை சுட்டு, ஓரத்து வேர்கள் காய்ந்து, இலை தொங்குகிறது. மாலையில் மறுபடி ஊற்றியதும் நிமிர்ந்துவிடுகிறது. பார்ப்பவருக்கு ஒன்றும் ஆகாததுபோலத் தெரியும். ஆனால் அந்தச் சில மணி நேரத்தில் பையில் இருந்த கொஞ்சத் தண்ணீரை இலைகள் எல்லாம் இழுத்துக்கொண்டன, காய்க்கு எதுவும் போகவில்லை. பிஞ்சு வேகமாகப் பெருக்கும் முதல் இரண்டு மூன்று வாரத்தில் இப்படிச் சில நாள் நடந்தால் போதும். கறுப்பு வெளியே தெரிவது பிற்பாடுதான். தெரியும்போது சேதம் முடிந்துபோயிருக்கும். அந்தக் காயை எதுவும் திருத்த முடியாது.

அந்த நிலையில் ஒருவர் முட்டை ஓட்டை நொறுக்கி மண்மேல் தூவுகிறார். அடுத்த கொத்தில் வரும் காய்கள் நன்றாக வருகின்றன. ஓடு வேலை செய்துவிட்டது என்று நம்புகிறார், பத்துப் பேருக்குச் சொல்கிறார். நான் இந்த நம்பிக்கையைக் குறைசொல்ல மாட்டேன், கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார். ஆனால் இந்தக் கோளாறு பெரும்பாலும் முதல் கொத்துகளில்தான் வரும். அப்போது இலையும் தண்டும் வேகமாக வளர்ந்துகொண்டிருக்கும், வேர் இன்னும் பரவியிருக்காது. பிறகு வேர் நிறைந்து, வளர்ச்சி நிதானப்பட்டதும் எதுவும் செய்யாமலே குறைந்துவிடும். கறுத்த காயைப் பார்த்து பயந்தவர் தண்ணீரிலும் கூடுதல் கவனம் வைத்திருப்பார். ஓடு போட்ட பை ஒன்று, போடாத பை ஒன்று என்று ஒரே நாளில் நட்டு, ஒரே அளவு தண்ணீர் ஊற்றி வைத்துப் பார்த்தால்தான் எதனால் சரியானது என்று தெரியும்.

கறுப்பைத் தடுக்க வேண்டுமானால் கவனம் தண்ணீரில் இருக்க வேண்டும். தக்காளிக்கு 15 அங்குலத்துக்குக் குறையாத பை, மண்மேல் இரண்டு விரல் கனத்துக்குக் காய்ந்த சருகு மூடாக்கு, வெயில் காலத்தில் மண் எந்த நேரத்திலும் முழுக்கக் காயாதபடி காலையும் மாலையும் தண்ணீர். மாலைத் தண்ணீருக்குத் தனி மதிப்பு உண்டு. இரவில் இலைகள் ஆவியை விடாதபோது, வேரின் அழுத்தத்தால் ஏறும் தண்ணீர் காய்க்கும் போகிறது, கூடவே கால்சியமும் போகிறது. தழைச்சத்தை, அதிலும் அம்மோனியா வடிவில் உள்ள உரத்தை, அள்ளிப் போடாமல் இருப்பதும் முக்கியம். அது இலையைக் கொழுக்கவைக்கும், வேர் கால்சியத்தை எடுப்பதற்கும் போட்டியாக நிற்கும்.

ஒரு விதிவிலக்கையும் சொல்லியாக வேண்டும். மண்ணே கலக்காமல் தென்னை நார்க்கழிவில் மட்டும் வளர்ப்பவர்களுக்கு உண்மையிலேயே கால்சியம் குறையலாம். நார்க்கழிவில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் நிறைந்திருக்கும். வெளியிலிருந்து வரும் கால்சியத்தை அது பிடித்துவைத்துக்கொண்டு அவற்றை வெளியே விடும். அதனால்தான் பெரிய பசுமைக்குடில்காரர்கள் நார்க்கழிவை நடுவதற்கு முன்பே கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து அலசுகிறார்கள். அந்தத் தேவையை நொறுக்கிய முட்டை ஓடு அந்த வேகத்தில் நிறைவேற்றாது.

ஓடு வேலை செய்யும் இடம் புளிப்பு மண். நீலகிரியின் தேயிலை மண்ணும் கன்னியாகுமரிப் பக்கத்துச் செம்பொறை மண்ணும் அமிலத்தன்மை உள்ளவை. தொடர்மழை கால்சியத்தைக் கழுவிக்கொண்டு போய்விட்ட மண் அவை. அமிலம் ஓட்டைக் கரைக்கும், ஓடு அமிலத்தைத் தணிக்கும், இரண்டும் நல்லது. ஆனால் அங்கேயும் துகளின் அளவுதான் தீர்மானிக்கிறது. அமெரிக்காவின் அலபாமாவில் வேளாண் விரிவாக்கத் துறையினர் இதை முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். மாவுபோல அரைத்த முட்டை ஓடு சுத்தமான சுண்ணாம்புத் தூளுக்கு நிகராக மண்ணின் அமிலத்தைக் குறைத்தது. கையால் நொறுக்கிப் போட்ட ஓடு, எதுவும் போடாத மண்ணைவிடப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. அகழாய்வுக் குழிகளில் பல நூற்றாண்டுப் பழைய முட்டை ஓட்டுத் துண்டுகள் கிடைப்பதை எண்ணினால் இதில் வியப்பில்லை. துண்டாகக் கிடக்கும் ஓடு மண்ணில் அப்படியே கிடக்கும்.

உங்கள் மண் எப்படிப்பட்டது என்று அறிய ஒரு கைப்பிடி காய்ந்த மண்ணில் நாலு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் அதில் சுண்ணாம்பு ஏற்கெனவே நிறைய இருக்கிறது. கோவைப் பக்கத்துக் கரிசல் மண் பலவும் இப்படிப் பொங்கும். அங்கே ஓட்டைப் போடுவது வீண்வேலை. நுரைக்கவில்லை என்பதாலேயே மண் புளிப்பு என்றாகிவிடாது. மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து கார அமில நிலையைப் பார்த்துக்கொள்வது நல்லது. அது ஐந்தரைக்குக் கீழே இருந்தால் ஓடுகளைக் கழுவி, நன்றாக வெயிலில் காயவைத்து, மிக்ஸியில் மாவாக அரைத்து, மெல்லிய துணியில் சலித்து, நடுவதற்குச் சில வாரம் முன்பே மண்ணோடு கலக்க வேண்டும். வயலுக்கு ஹெக்டேருக்கு இரண்டு டன் சுண்ணாம்பு இடும் கணக்கை ஓர் அடி விட்டமுள்ள தொட்டிக்குச் சுருக்கினால் சுமார் 15 கிராம் வரும். இரண்டு மூன்று முட்டை ஓடு, ஆண்டுக்கு ஒரு தடவை.

இயற்கை விவசாயிகள் முட்டை அமிலம் என்று ஒன்று செய்வார்கள். முழு முட்டைகள் மூழ்கும்படி எலுமிச்சைச் சாறு ஊற்றி நாள்கணக்கில் மூடிவைப்பது. அதில் ஓடு நுரைத்துக் கரைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எலுமிச்சையின் அமிலம் கால்சியம் கார்பனேட்டை உடைத்துக் கரியமில வாயுவை வெளியேற்றுகிறது. வேதியியல்படி இது முற்றிலும் சரியான வழி. வினிகரில் செய்தால் ஓர் ஓட்டை முழுக்கக் கரைக்க ஏறக்குறைய 150 மில்லி வேண்டும். நுரை நின்று, மேலும் ஓட்டுத்தூள் போட்டாலும் பொங்காத நிலை வந்தால்தான் அமிலம் தீர்ந்தது என்று பொருள். அதற்கு முன் எடுத்து ஊற்றினால் வேர் வெந்துபோகும். ஆனால் சத்தான கால்சியம் கரைசல் கைக்கு வந்துவிட்டது என்பதால் செடிக்கு அது தேவை என்று ஆகிவிடாது. காயின் அடி கறுப்பதற்கு இலைமேல் தெளித்தாலும், இலை வாங்கிக்கொண்ட கால்சியம் காய்க்கு இறங்கப்போவதில்லை.

ஓட்டுத் துண்டுகளைச் செடியைச் சுற்றிப் போட்டால் நத்தை தாண்டாது என்பது இன்னொரு நம்பிக்கை. இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைச் சங்கம் 2018-ல் கீரைச் செடிகளைச் சுற்றி முட்டை ஓடு உட்பட ஐந்து விதமான தடுப்புகளைப் போட்டுப் பார்த்தது. எதுவும் போடாத செடிகளைவிட இவற்றில் சேதம் குறையவில்லை. நத்தைக்குத் தன் கூட்டைக் கட்டவே கால்சியம் தேவை, ஓடு கிடைத்தால் அதையும் சுரண்டும்.

டீ சக்கை விஷயம் வேறு. மூன்றில் உரம் என்று சொல்லத் தகுந்தது இதுதான், தப்பாகப் பயன்படுத்தப்படுவதும் இதுதான். தேயிலை என்பது கொழுந்து. கொழுந்தில் புரதம் அதிகம், அதனால் காய்ந்த தேயிலையில் சுமார் நான்கு சதவீதம் தழைச்சத்து இருக்கிறது. நாம் கொதிக்கவிடும்போது அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குபோலத் தண்ணீருக்குப் போகிறது. சாம்பல் சத்தின் பெரும்பகுதியும் காஃபீனும் அதோடு போய்விடும். புரதம் கரையாமல் சக்கையிலேயே தங்கிவிடும். நாளைக்கு 20 கிராம் டீத்தூள் போடும் வீட்டில் அரை கிராம் தழைச்சத்தாவது வடிகட்டியில் மிஞ்சுகிறது. மாதத்துக்கு 15 கிராம். ஒரு கிலோ தக்காளி காய்க்கச் செடிக்கு ஏறக்குறைய 3 கிராம் தழைச்சத்து வேண்டும் என்ற கணக்கோடு வைத்துப் பார்த்தால் இது குப்பையில் போட வேண்டிய பொருளே இல்லை.

ஆனால் அந்தத் தழைச்சத்து புரதமாகப் பூட்டிக் கிடக்கிறது. மண்ணிலுள்ள பாக்டீரியாவும் பூசணமும் புரதத்தை உடைத்து அம்மோனியமாக, பிறகு நைட்ரேட்டாக மாற்றினால்தான் வேருக்குக் கிடைக்கும். டீயின் துவர்ப்புக்குக் காரணமான பொருள்கள் புரதத்தோடு இறுகப் பிணைந்து நிற்பதால் அந்த வேலை இன்னும் மெதுவாகிறது. இது எவ்வளவு நம்பகமாக நடக்கிறது என்றால், மண்ணில் மட்கும் வேகத்தை அளக்கவே உலகெங்கும் தேயிலையைத்தான் பயன்படுத்துகிறார்கள். 2013-ல் வெளியான ஒரு முறைப்படி, எடைபோட்ட பச்சைத் தேயிலைப் பை ஒன்றையும் ரூய்போஸ் என்ற தென்னாப்பிரிக்க மூலிகைப் பை ஒன்றையும் 8 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்து, 90 நாள் கழித்துத் தோண்டியெடுத்து மறுபடி எடைபோடுவார்கள். பச்சைத் தேயிலை பொதுவாகப் பாதிக்கு மேல் கரைந்திருக்கும், ரூய்போஸ் அதில் பாதிகூடக் குறைந்திருக்காது. அந்தப் பைகள் கரையாமல் அப்படியே இருக்கும் என்பதையும் கவனிக்க வேண்டும். நாம் கடையில் வாங்கும் டீ பைகளிலும் பல பிளாஸ்டிக் இழை கலந்தவை. கிழித்துத் தூளை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

புதைத்த தேயிலையே பாதிக்கு மேல் கரைய 90 நாள் ஆகும் என்றால், நம் வீட்டுச் சக்கையைத் தொட்டி மண்மேல் ஈரத்தோடு கொட்டினால் என்ன ஆகும்? தூள் டீயின் சக்கை அடைபோல் ஒட்டி ஒரு படலமாக இறுகும். அதன்மேல் வெண்பூசணம் பூக்கும். ஒரு வாரத்தில் தொட்டியைத் தட்டினால் சிறிய கறுப்பு ஈக்கள் எழும்பும். அவற்றின் புழுக்கள் ஈரப் பூசணத்தைத் தின்று வளர்ந்து, நாற்றுகளின் மெல்லிய வேரையும் கடிக்கும். நம் ஊர் டீயில் பாலும் சர்க்கரையும் சேர்ந்தே கொதிப்பதால் எறும்பும் வரும். எறும்பு தனியாக வந்தால் பரவாயில்லை. செம்பருத்தியின் கணுக்களில் மாவுப்பூச்சி இருந்தால், அது வடிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைக் காவல் காத்து, இயற்கை எதிரிகளை விரட்டும். டீ சக்கை போட்ட பிறகு மாவுப்பூச்சி கூடிவிட்டது என்று சிலர் சொல்வதற்கு இது காரணமாக இருக்கலாம்.

செய்ய வேண்டியது சுலபம். வடிகட்டியிலேயே இரண்டு தடவை தண்ணீர் விட்டுப் பால்வாடை போக அலசி, தட்டில் பரப்பி ஒருநாள் வெயிலில் காயவைத்து, டப்பாவில் சேர்த்துவைக்கலாம். அதை நேராகத் தொட்டிக்குக் கொண்டுபோகாமல் மக்குத் தொட்டியில் காய்ந்த சருகோடு கலந்து போட வேண்டும். சக்கை ஒரு பங்கு என்றால் சருகு மூன்று பங்கு. சருகில் கரிச்சத்து அதிகம், சக்கையில் தழைச்சத்து அதிகம். இரண்டும் சேர்ந்தால் நுண்ணுயிர்களுக்குச் சரியான தீனி. கிளறிவிட்டு ஈரம் காத்தால் இரண்டு மூன்று மாதத்தில் மக்கி, சக்கையா மண்ணா என்று பிரித்துப் பார்க்க முடியாத நிலைக்கு வரும். அப்போது எடுத்துப் போடுவதுதான் உரம்.

டீ சக்கை மண்ணைப் புளிப்பாக்கும், அதனால் ரோஜாவின் இலை மஞ்சளாவது சரியாகும் என்பதில் பாதிக்கு மேல் பொய். நரம்பு பச்சையாகவும் நடுவே மஞ்சளாகவும் ரோஜாவின் இளம் இலை மாறுவது பெரும்பாலும் காரமான மண்ணில் இரும்புச் சத்து கரையாமல் இருப்பதால். வடித்த டீயில் லேசான அமிலம் உண்டு. வடித்தபிறகு சக்கையில் மிஞ்சுவது அதைவிடக் குறைவு. உப்புத் தண்ணீர் நாளும் கொண்டுவரும் காரத்தின் முன் அது நிற்காது. தேயிலைச் செடி புளிப்பு மண்ணில் வளர்வதால் அதன் இலையும் மண்ணைப் புளிப்பாக்கும் என்று யாரோ முடிச்சுப் போட்டிருக்க வேண்டும். மீந்துபோன டிகாக்‌ஷனைச் செடிக்கு ஊற்றுவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். காஃபீன் விதை முளைப்பதையும் வேர் வளர்வதையும் தடுக்கும். மெல்போர்னில் 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், மக்கவைக்காத காபிச் சக்கையை நேராக மண்ணில் கலந்தபோது காய்கறிச் செடிகளின் வளர்ச்சி வெகுவாகக் குன்றியது. அது காபி, இது டீ என்றாலும், மக்காத சக்கையை நாற்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாமல் இருப்பதற்கு அந்த ஒரு முடிவே போதுமான காரணம்.

கழுநீரைப் பற்றிப் பேசும்போது முதலில் வைட்டமினை எடுத்துவிட வேண்டும். அரிசியின் தவிட்டில் பி1 வைட்டமின் உண்டு, கழுவும்போது தண்ணீருக்குப் போவதும் உண்மை. அது வேரை வளர்க்கும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதற்குத் தெளிவான வரலாறு இருக்கிறது. 1930-களில் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஜேம்ஸ் பானர் என்ற தாவரவியலாளர் பட்டாணிச் செடியின் வேர் நுனிகளை வெட்டியெடுத்து, சர்க்கரையும் உப்புச்சத்துகளும் கலந்த கரைசலில் தனியாக வளர்த்தார். பி1 சேர்த்தால் அந்த வேர்கள் தொடர்ந்து வளர்ந்தன, சேர்க்காவிட்டால் நின்றுபோயின. 1939, 1940 வாக்கில் அமெரிக்கத் தோட்டப் பத்திரிகைகள் இதைப் பெரிதாக எழுதின. பி1 ஊற்றினால் பூக்கள் பிரம்மாண்டமாகப் பூக்கும் என்று மக்கள் வாங்கிக் குவித்தார்கள். ஆனால் பானர் சோதித்தது செடியை விட்டுப் பிரித்த வேரை. முழுச் செடியில் இலைகள் தாங்களே பி1 செய்து வேருக்கு அனுப்பிவிடும், வெளியிலிருந்து தேவையில்லை. முழுச் செடிகளில் சோதனைகள் நடந்தபோது பலன் தென்படவில்லை, பானரே பிறகு அதை ஒப்புக்கொண்டார். அறிவியலில் அந்தக் கதை அப்போதே முடிந்துவிட்டது. தோட்டக்காரர்கள் நடுவில் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

வைட்டமினை விட்டால் கழுநீரில் மிஞ்சுவது கொஞ்சம் தாதுச் சத்தும் நிறைய மாவும். மலேசியாவின் புத்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-ல் தொகுத்துக் காட்டிய அளவுகளில் தழைச்சத்து லிட்டருக்கு 40 முதல் 150 மில்லிகிராம், சாம்பல் சத்து 51 முதல் 200 மில்லிகிராம். பூஜ்யம் இல்லை. ஆனால் ஒரு தொட்டிக்கு நாளும் அரை லிட்டர் ஊற்றினாலும், மேல் அளவின்படியே மாதத்துக்கு இரண்டேகால் கிராம் தழைச்சத்துதான் சேரும், கீழ் அளவானால் அரை கிராமுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். எந்த அரிசி, எத்தனையாவது அலசல் என்பதைப் பொறுத்து இது மாறும். பச்சரிசியின் முதல் கழுநீர் பால்போல் இருக்கும். புழுங்கல் அரிசியை வேகவைக்கும்போதே தவிட்டின் சத்துகள் அரிசிக்குள் இறங்கி மாவும் இறுகிவிடுவதால் அதன் கழுநீர் நீர்த்தே இருக்கும்.

பழைய வீடுகளில் கழுநீர் கொல்லைக்குப் போய், கறிவேப்பிலையும் வாழையும் செழித்து நின்றதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தச் செழிப்பு நிஜம். அதற்கு முதல் காரணம் தினமும் தவறாமல் கிடைத்த தண்ணீர். இரண்டாவது, கொல்லை மண்ணின் ஆழம். மாவு ஊறினால் அதைத் தின்ன மண்புழுவும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களும் அங்கே இருந்தன, காற்றோட்டமும் இருந்தது. பதினைந்து லிட்டர் மண் கொண்ட தொட்டியில் அதே கழுநீரை நாளும் ஊற்றினால் மாவு மேலே படிந்து புளித்து நாறும். மாவைத் தின்னும் நுண்ணுயிர்கள் தங்கள் உடம்பைக் கட்டத் தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்வதால், கொஞ்ச நாளைக்குச் செடிக்கு அது குறையவும் செய்யும். கீழ் இலைகள் வெளிறினால் கழுநீரை நிறுத்திப் பாருங்கள். வாரத்துக்கு ஒருநாள், ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்து, தொட்டியை மாற்றி மாற்றி ஊற்றினால் கெடுதல் இல்லை. உப்புப் போட்டு வடித்த கஞ்சியை எந்தக் காரணத்துக்காகவும் ஊற்றக் கூடாது. அந்தச் சோடியம் தொட்டியிலேயே தங்கும்.

மாவு உரமாகாவிட்டாலும் அதற்கு ஒரு நல்ல வேலை உண்டு, அதை வேரில் தேடாமல் இலையில் பார்க்க வேண்டும். 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈ தென்னந்தோப்புகளைத் தாக்கியபோது, அது வடித்த இனிப்பு நீரின்மேல் கரும்பூசணம் படர்ந்து கீழ் ஓலைகள் எல்லாம் கரிபூசியதுபோல் ஆயின. வெயில் இலைக்குள் போகவே இல்லை. அதற்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொன்ன வழி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா மாவுப் பசையும் 1 மில்லி ஒட்டும் திரவமும் கலந்து ஓலைமேல் தெளிப்பது. மாவு காய்ந்து மெல்லிய தோலாக உரியும்போது பூசணத்தையும் பெயர்த்துக்கொண்டு விழுந்துவிடும். வீட்டுக் கொய்யாவிலும் எலுமிச்சையிலும் இலை இப்படிக் கறுத்திருந்தால், உப்பில்லாத வடிகஞ்சியை நன்றாக ஆறவைத்து, துணியில் வடிகட்டி, கைத்தெளிப்பானில் அடைபடாத அளவுக்கு நீர்க்கச் செய்து, நல்ல வெயில் வரப்போகும் காலையில் இலையின் மேல்பக்கம் அடிக்கலாம். அதற்கு முன் இலையைத் திருப்பி, அடியில் ஒட்டியிருக்கும் வெள்ளை ஈயையோ செதில் பூச்சியையோ தண்ணீரைப் பீச்சிக் கழுவிவிட வேண்டும்; அவை இருக்கும்வரை இனிப்பு நீரும் வடியும், கறுப்பும் திரும்ப வரும். மழைக்கு முன் அடித்தால் கஞ்சி காய்வதற்குள் வழிந்து கீழே போய்விடும்.